குறட்டை, பகல் தூக்கம், உடல் எடை: ஸ்லீப் ஆப்னியா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறட்டை எத்தனையோ பேர் விடுகிறார்கள். என்னுடையது மட்டும் நோயா என்று எப்படித் தெரியும்?

சத்தத்தை விட, நடுவே வரும் அமைதியைக் கவனியுங்கள். ஒரே சீராக, விடிய விடிய ஒரே தாளத்தில் வரும் குறட்டை பெரும்பாலும் பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தொல்லை. தூங்கும்போது தொண்டை அடைத்து மூச்சு திரும்பத் திரும்ப நிற்கும் நோய்தான் ஸ்லீப் ஆப்னியா. அது உள்ளவரின் குறட்டை வேறு மாதிரி இருக்கும். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, சட்டென்று நிற்கும். 10, 20, சில சமயம் 40 நொடிகள் வரை ஒன்றுமே கேட்காது. அந்த நேரத்தில் நெஞ்சும் வயிறும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் மூக்கிலும் வாயிலும் காற்று போகாது. பிறகு பெரிய உறுமலோ, மூச்சுத் திணறி இழுக்கும் சத்தமோ வந்து, உடம்பு ஒரு உலுக்கு உலுக்கும். மறுபடியும் குறட்டை ஆரம்பிக்கும்.

தனியாகப் படுப்பவர் செல்போனில் ஒலிப்பதிவுச் செயலியை ஓடவிட்டுத் தலைமாட்டில் வைத்துத் தூங்கலாம். காலையில் முழுவதையும் கேட்க வேண்டியதில்லை. விடியற்காலை 3 மணிக்கு மேல் உள்ள பகுதியைக் கேளுங்கள். கனவு வரும் தூக்கம் அப்போதுதான் அதிகம். அந்தத் தூக்கத்தில் தொண்டைத் தசைகள் மிகவும் தளர்ந்துவிடுவதால் அடைப்பு மோசமாகும். 10 நொடிக்கு மேல் நீளும் அமைதியும் அதன் பின் ஒரு திணறலும் திரும்பத் திரும்ப வந்தால், அந்தப் பதிவையே மருத்துவரிடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுங்கள். பதிவில் ஒன்றும் இல்லை என்பதால் நோயும் இல்லை என்று முடிவுகட்டிவிட முடியாது. சந்தேகத்தை உறுதியாக்கத்தான் அது உதவும், தீர்த்துவைக்க உதவாது.

இரவு 8 மணி நேரம் படுக்கையில் இருக்கிறேன். இருந்தும் பகலில் கண் சொக்குகிறதே, ஏன்?

தொண்டை அடைத்து ஆக்சிஜன் இறங்கும்போது மூளை உங்களைச் சில நொடிகளுக்கு எழுப்பிவிடுகிறது. எழுந்தால்தான் தொண்டைத் தசை இறுகி வழி திறக்கும். இந்த விழிப்பு மிகக் குறுகியது, காலையில் நினைவில் இருக்காது. மணிக்கு 30 முறை இப்படி நடந்தால் சராசரியாக 2 நிமிடத்துக்கு ஒரு முறை தூக்கம் கலைகிறது. படுக்கையில் 8 மணி நேரம் இருந்தாலும், ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய் நிற்பதற்கு நேரம் கிடைப்பதில்லை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: பகல் தூக்கம் இல்லை என்பதால் ஆப்னியா இல்லை என்று ஆகிவிடாது. கடுமையான ஆப்னியா இருந்தும் தூக்கக் கலக்கமே இல்லாதவர்கள் நிறையப் பேர் உண்டு. பெண்கள் பலர் தூக்கம் வருகிறது என்று சொல்வதில்லை. உடம்பு அசதி, காலைத் தலைவலி, இரவில் அடிக்கடி விழிப்பு என்றுதான் சொல்வார்கள். அதனாலேயே அவர்களில் பலருக்கு நோய் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுகிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. தூக்கமே 5, 6 மணி நேரம்தான் என்றால், பகல் சொக்கலுக்கு அதுவே போதுமான காரணம். தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, ஒவ்வாமைக்கோ வலிக்கோ சாப்பிடும் சில மாத்திரைகள் ஆகியவையும் இதே அசதியைத் தரும்.

கொழுப்பு வயிற்றில்தானே இருக்கிறது? அது தொண்டையை எப்படி அடைக்கும்?

இரண்டு வழிகளில். தொண்டையின் பின்பகுதிக்குள் எலும்போ குருத்தெலும்போ வளையமாக நின்று தாங்குவதில்லை, சுற்றிலும் மென்மையான தசைதான். ஈரத்தில் ஊறிய காகித உறிஞ்சுகுழல் மாதிரி, மூச்சை இழுக்கும்போது அது உள்பக்கமாக ஒடுங்கும். விழித்திருக்கும்போது தசைகள் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கின்றன. தூங்கியதும் பிடி தளர்கிறது. எடை கூடும்போது கழுத்தின் பக்கவாட்டிலும், அண்ணத்திலும், நாக்கின் அடிப்பகுதிக்குள்ளேயும் கொழுப்பு சேர்ந்து அந்த வழியை மேலும் குறுக்குகிறது. நாக்குக்குள் கொழுப்பா என்று வியப்பாக இருக்கலாம், ஆனால் எம்.ஆர்.ஐ. படங்களில் அதை அளக்கவே முடிகிறது. எடை குறைத்தவர்களை இப்படிப் படமெடுத்து 2020-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், ஆப்னியா குறைந்ததோடு மிகவும் ஒட்டிப்போன மாற்றம் நாக்குக் கொழுப்பு குறைந்ததுதான்.

இரண்டாவது வழி வயிற்றுக் கொழுப்பு. மல்லாந்து படுக்கும்போது அது உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது, நுரையீரலில் மிச்சம் நிற்கும் காற்றின் அளவு குறைகிறது. நுரையீரல் விரிந்திருந்தால் அது மூச்சுக்குழாயைக் கீழ்நோக்கி இழுத்து, தொண்டையையும் விறைப்பாக வைத்திருக்கும். நுரையீரல் சுருங்கினால் அந்த இழுவிசை போய்விடும், தொண்டை எளிதில் ஒடுங்கும். ஆக்சிஜன் கையிருப்பும் குறைவாக இருப்பதால், ஒவ்வொரு அடைப்பிலும் ஆக்சிஜன் அளவு வேகமாகச் சரியும்.

எடை இல்லாதவர்களுக்கும் ஆப்னியா வரும் என்பதையும் மறக்க வேண்டாம். சிறிய அல்லது உள்வாங்கிய தாடை, பெரிய டான்சில் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் எடை கூடினாலே போதும்.

சோதனைக்குப் போவதற்கு முன் நானே கணக்குப் போட்டுப் பார்க்க வழி உண்டா?

உண்டு. மருத்துவர்கள் பயன்படுத்தும் ஸ்டாப்-பேங் என்ற 8 கேள்விப் பட்டியலை நீங்களே நிரப்பலாம். ஒவ்வொரு "ஆம்"-க்கும் 1 மதிப்பெண். மூடிய கதவுக்கு வெளியே கேட்கும் அளவுக்குக் குறட்டை உண்டா? பகலில் அசதியோ தூக்கமோ உண்டா? தூக்கத்தில் மூச்சு நிற்பதையோ திணறுவதையோ யாராவது பார்த்திருக்கிறார்களா? ரத்த அழுத்தம் இருக்கிறதா, அல்லது அதற்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? எடையை உயரத்தோடு ஒப்பிடும் பி.எம்.ஐ. அளவு 35-க்கு மேலா? வயது 50-க்கு மேலா? கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.-க்கு மேலா? ஆணா? மொத்தம் 0 முதல் 2 வரை என்றால் வாய்ப்பு குறைவு, 3 அல்லது 4 என்றால் நடுத்தரம், 5-உம் அதற்கு மேலும் என்றால் அதிகம்.

கழுத்தை அளக்கும்போது தவறு நடப்பது வழக்கம். நிமிர்ந்து நின்று, குரல்வளை மேட்டுக்குச் சற்றுக் கீழே, தையல் டேப்பைத் தோலில் படும்படி சுற்றுங்கள், இறுக்க வேண்டாம். சட்டைக் காலர் அளவை அப்படியே எடுத்துக்கொள்வது சரிவராது, தளர்வுக்கென்று அதில் கூடுதலாக விட்டிருப்பார்கள்.

பகல் தூக்கத்தை அளக்க எப்வொர்த் அளவுகோல் இருக்கிறது. உட்கார்ந்து படிப்பது, டிவி பார்ப்பது, ஒரு மணி நேரம் காரில் பயணியாகப் போவது, மதியம் சாப்பிட்டுவிட்டு அமைதியாக உட்கார்ந்திருப்பது போன்ற 8 சூழ்நிலைகள். ஒவ்வொன்றிலும் கண்ணயர எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 3 வரை போட வேண்டும், மொத்தம் 24. 10-க்கு மேல் போனால் அது சாதாரணக் களைப்பு இல்லை. இதை வீட்டில் இன்னொருவரையும் உங்களுக்காக நிரப்பச் சொல்லுங்கள். பல வருடமாகப் பழகிவிட்டவருக்குத் தன் தூக்கம் தனக்கே தெரியாது, அவர் 7 என்று போடும் இடத்தில் வீட்டிலிருப்பவர் 15 போடுவதுண்டு.

கைக்கடிகாரத்தில் ஆக்சிஜன் சரியாக இருக்கிறதே, அது போதாதா?

போதாது. சில கடிகாரங்கள் இரவில் விட்டுவிட்டுத்தான் அளக்கின்றன. 20 நொடியில் வந்து போகும் சரிவு அந்த இடைவெளிகளில் தப்பிவிடும். மூக்கில் காற்று போகிறதா என்று அதற்குத் தெரியவும் தெரியாது. சந்தேகம் எழுப்பினால் அதை மதியுங்கள். எல்லாம் நலம் என்று சொன்னால், அதை நம்பிச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டில் செய்யும் சோதனையா, தூக்க ஆய்வகத்தில் செய்வதா? எது நல்லது?

ஆப்னியா இருக்க வாய்ப்பு அதிகம், வேறு பெரிய இதய நோயோ நுரையீரல் நோயோ இல்லை என்றால் வீட்டுச் சோதனையே போதும். மூக்குத் துவாரத்தில் ஒரு மெல்லிய குழாய், நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை, விரலில் ஆக்சிஜன் கிளிப், அவ்வளவுதான். ஆய்வகத்தில் இவற்றோடு மூளை அலை, கண் அசைவு, கால் அசைவு எல்லாம் பதிவாகும்.

வீட்டுச் சோதனைக்கு ஒரு முக்கியமான குறை உண்டு. நீங்கள் எப்போது தூங்கினீர்கள் என்று அதற்குத் தெரியாது. எத்தனை தடவை மூச்சு தடைப்பட்டது என்பதை, தூங்கிய நேரத்தால் வகுக்காமல் பதிவான நேரத்தால் வகுக்கிறது. கருவி 8 மணி நேரம் ஓடியிருக்கிறது, இரவு முழுவதும் 100 தடைகள் என்று வையுங்கள். 100-ஐ 8-ஆல் வகுத்தால் மணிக்கு 12.5, லேசான ஆப்னியா என்று வரும். புது இடைஞ்சலில் அவர் உண்மையில் 5 மணி நேரம்தான் தூங்கியிருந்தால், சரியான கணக்கு மணிக்கு 20, அதாவது நடுத்தரம். அதனால் அறிகுறிகள் பலமாக இருந்தும் வீட்டுச் சோதனை ஒன்றுமில்லை என்று சொன்னால், அங்கேயே நின்றுவிடாமல் ஆய்வகச் சோதனை கேட்க வேண்டும். இரவில் மூக்குக் குழாய் கழன்றுவிட்டால் சோதனையை மறுபடி செய்ய வேண்டியிருக்கும். கன்னத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொள்வது நல்லது.

அறிக்கையில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

முதலில் ஏ.எச்.ஐ. ஒரு மணி நேரத்தில் மூச்சு முழுதாக நின்றதும், ஓரளவு குறைந்ததும் சேர்த்து எத்தனை முறை என்பதே அது. 10 நொடிக்கு மேல் நீடித்தவை மட்டும் கணக்கில் வரும். 5-க்குக் கீழே இயல்பு, 5 முதல் 15-க்குள் லேசானது, 15 முதல் 30-க்குள் நடுத்தரம், 30-உம் அதற்கு மேலும் கடுமை.

அந்த ஒரு எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். ஆக்சிஜன் எவ்வளவு கீழே இறங்கியது, 90 சதவீதத்துக்குக் கீழே எத்தனை நிமிடம் இருந்தது என்று பாருங்கள். மல்லாந்து படுத்தபோது எவ்வளவு, ஒருக்களித்தபோது எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கிறதா பாருங்கள். மூச்சு ஓரளவு குறைவதைக் கணக்கெடுக்க சில ஆய்வகங்கள் 3 சதவீத ஆக்சிஜன் சரிவைப் போதும் என்று கொள்ளும், சில 4 சதவீதம் கேட்கும். ஒரே ஆளின் ஒரே இரவுக்கு முதல் விதியில் எண் கூடுதலாகவும் இரண்டாவதில் குறைவாகவும் வரும். எடை குறைத்த பிறகு மறுசோதனை செய்யும்போது இது பெரிய குழப்பத்தை உண்டாக்கும், அதனால் முதல் அறிக்கையைப் பத்திரமாக வைத்து, அதே விதியில் கணக்கெடுக்கும்படி கேளுங்கள்.

எத்தனை கிலோ குறைத்தால் ஆப்னியா போகும்?

இத்தனை கிலோ என்று யாருக்கும் உறுதி சொல்ல முடியாது, ஆனால் எதிர்பார்க்கத்தக்க அளவு தெரியும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஒரு பெரிய ஆய்வில், உடல் எடை 10 சதவீதம் குறைந்தவர்களுக்கு ஏ.எச்.ஐ. சுமார் 26 சதவீதம் குறையும் என்று கணிக்கப்பட்டது. 10 சதவீதம் கூடினால் சுமார் 32 சதவீதம் ஏறும். சர்க்கரை நோயும் உடல் பருமனும் உள்ளவர்களிடம் நடந்த இன்னொரு ஆய்வில், தீவிர உணவு, உடற்பயிற்சித் திட்டத்தில் ஒரு வருடத்தில் சராசரியாக 10.8 கிலோ குறைத்தவர்களில், ஆப்னியா முற்றிலும் மறைந்தவர்கள் 13.6 சதவீதம். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் அது 3.5 சதவீதம். நன்றாக உதவுகிறது, ஆனால் பெரும்பாலோருக்கு முழுதாகப் போவதில்லை.

ஒருவரை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வயது 46, உயரம் 170 செ.மீ., எடை 104 கிலோ, பி.எம்.ஐ. 36. கழுத்து 44 செ.மீ., ரத்த அழுத்தம் உண்டு, குறட்டை, அசதி, மூச்சு நிற்பதை மனைவி பார்த்திருக்கிறார். வயது தவிர மற்ற எல்லாவற்றுக்கும் மதிப்பெண் விழுவதால் ஸ்டாப்-பேங் 7. எப்வொர்த் 15. சோதனையில் ஏ.எச்.ஐ. 38, ஆக்சிஜன் 78 சதவீதம் வரை இறங்கியது.

10 சதவீதம், அதாவது சுமார் 10 கிலோ குறைத்து 94-க்கு வந்தால், மேலே சொன்ன கணக்குப்படி ஏ.எச்.ஐ. 28-க்கு அருகில் வரும். கடுமை என்ற நிலையிலிருந்து நடுத்தரத்துக்கு வந்துவிட்டார், ஆனால் இன்னும் 2 நிமிடத்துக்கு ஒரு முறைக்குப் பக்கத்தில் தூக்கம் கலைகிறது. 9 மாதத்தில் 15 கிலோ குறைத்து 89-க்கு வருகிறார், பி.எம்.ஐ. 31. மறுசோதனையில் ஏ.எச்.ஐ. 17. உள்ளே பார்த்தால் மல்லாந்து படுத்தபோது 31, ஒருக்களித்தபோது 6. சோதனை இரவில் அவர் தற்செயலாக ஒருக்களித்தே படுத்திருந்தால் எண் 6 என்று வந்திருக்கும், குணமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டிருப்பார். மறுசோதனையில் படுத்த நிலையைத் தேடிப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இவருக்கு இப்போது வழிகள் உண்டு. இரவில் காற்றழுத்தம் கொடுக்கும் சிபாப் கருவியைத் தொடர்ந்துகொண்டே எடையை இன்னும் குறைக்கலாம். மருத்துவர் ஒத்துக்கொண்டால், முதுகில் பொருத்தும் தடுப்புப் பட்டையால் மல்லாந்து படுப்பதைத் தவிர்த்து, அந்த நிலையிலேயே மறுசோதனை செய்து பார்க்கலாம். 104 கிலோவில் இந்த இரண்டாவது வழி பேச்சுக்கே வந்திருக்காது. எடை குறைந்ததால் திறந்த வழி இது.

எடை குறைய ஒரு வருடம் ஆகுமே. அதுவரை மெஷின் கட்டாயமா?

நடுத்தரம், கடுமை என்றால் ஆம், உடனே தொடங்குங்கள். சிபாப் கருவி முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து, தொண்டையை உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கிறது. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-ல் இதை முதன்முதலாக வெளியிட்டார். அன்றிரவே வேலை செய்யத் தொடங்கிவிடும். எடை குறைப்பின் பலன் மாதக்கணக்கில் வரும்; அத்தனை மாதம் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டிருக்க விடுவதில் நியாயம் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. கண் சொக்கிக்கொண்டே இருப்பவரால் மாலையில் நடக்கவும், அளந்து சாப்பிடவும் முடிவதில்லை. 2010-ல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், ஒரே அளவு குறைந்த உணவு சாப்பிட்டவர்கள் 8.5 மணி நேரத் தூக்க வாய்ப்பு கிடைத்தபோது இழந்ததை விட, 5.5 மணி நேரம் மட்டும் கிடைத்தபோது இழந்த கொழுப்பு 55 சதவீதம் குறைவு. எடை கிட்டத்தட்ட அதே அளவு இறங்கியது, ஆனால் போனதில் பெரும் பங்கு தசை போன்ற கொழுப்பில்லாத பகுதி. அது ஆப்னியா உள்ளவர்களிடம் செய்த ஆய்வு அல்ல. தூக்கம் கெட்டால் உணவுக் கட்டுப்பாட்டின் பலன் எங்கே போகிறது என்பதை மட்டும் அது காட்டுகிறது.

மெஷின் போட்டால் எடை தானாகக் குறையும் என்கிறார்களே?

குறையாது. சராசரியாகப் பார்த்தால் சிறிதளவு ஏறவே செய்கிறது. இரவு முழுக்க மூச்சுக்குப் போராடியதில் செலவான சக்தி மிச்சமாகிறது, உணவு மட்டும் பழையபடியே தொடர்கிறது. கருவி தொடங்கும் அதே வாரத்தில் உணவுத் திட்டத்தையும் தொடங்கிவிடுங்கள்.

ஒரு நாளைக்கு 500 முதல் 750 கலோரி குறைத்தால் ஆரம்ப மாதங்களில் வாரத்துக்கு அரை கிலோவை ஒட்டிக் குறையும். புரதத்தை ஒவ்வொரு வேளையிலும் வைத்து, வாரம் 2 முறை தசைப் பயிற்சி செய்தால் குறைவது பெரும்பாலும் கொழுப்பாக இருக்கும். வாரத்துக்கு 150 நிமிட நடையை 5 நாட்களுக்குப் பிரித்துக்கொள்ளலாம். சர்க்கரைக்கு இன்சுலினோ அதைத் தூண்டும் மாத்திரையோ எடுப்பவர்கள் உணவைக் குறைப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். ரத்த அழுத்த மாத்திரையும் அப்படியே: எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால், எடை குறைந்து பழைய அளவு அதிகமாகிவிட்டது என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

மாலையில் மது, தூக்க மாத்திரை இரண்டும் தொண்டைத் தசையைத் தளர்த்தும். பகல் அசதிக்கு நல்ல தூக்கம்தான் மருந்து என்று நினைத்து, ஆப்னியா இருப்பது தெரியாமலே தூக்க மாத்திரை வாங்கிச் சாப்பிடுவது ஆபத்தான தவறு.

எடை குறைக்கும் ஊசி ஆப்னியாவுக்கே கொடுக்கிறார்களாமே? ஆபரேஷன் செய்தால்?

டிர்செபடைடு என்ற வார ஊசியை, உடல் பருமனோடு நடுத்தரம் அல்லது கடுமையான ஆப்னியா உள்ள பெரியவர்களுக்குத் தரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 டிசம்பரில் அனுமதித்தது. அதற்கு ஆதாரமான இரண்டு ஆய்வுகளிலும் தொடக்க ஏ.எச்.ஐ. சராசரியாக 50-ஐ ஒட்டி இருந்தது. ஒரு வருடத்தில் அது மணிக்கு 25 முதல் 29 வரை குறைந்தது. மருந்தில்லாத போலி ஊசி போட்டவர்களுக்கு 5 மட்டும். அதாவது சராசரி ஆள் பாதி வழி வந்தார், நடுத்தர ஆப்னியா இன்னும் மிச்சம் இருந்தது. குமட்டல், வயிற்றுப்போக்கு ஆரம்ப மாதங்களில் சகஜம். குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் இது கூடாது. ஊசியை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பி ஏறும், அதோடு ஆப்னியாவும் திரும்பும் என்று எதிர்பார்த்தே திட்டமிட வேண்டும்.

வயிற்றுக் குறைப்பு அறுவை சிகிச்சை அதைவிட அதிக எடையைக் குறைக்கும், ஆப்னியாவும் நன்றாகக் குறையும். ஆனாலும் பலருக்குக் கொஞ்சம் மிச்சம் நிற்கிறது. எந்த அறுவை சிகிச்சைக்கும், பல் பிடுங்க மயக்கம் கொடுப்பதற்கும்கூட, ஆப்னியா இருப்பதை மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது சொந்தக் கருவியையும் எடுத்துப்போங்கள்.

மெஷின் திரையில் AHI 1.8 என்று காட்டுகிறது. குணமாகிவிட்டதுதானே?

இல்லை. அது கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது மிச்சமிருக்கும் தடைகளின் எண்ணிக்கை. கருவி நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு மட்டுமே அது சான்று. முகமூடியைக் கழற்றினால் என்ன ஆகும் என்பதை அது சொல்வதில்லை.

எடை குறைவது வேறு இடத்தில் தெரியும். அழுத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வகைக் கருவி, இரவில் 95 சதவீத நேரம் எந்த அழுத்தத்துக்குள் இருந்தது என்று காட்டும். மேலே பார்த்தவருக்கு முதலில் 12 ஆக இருந்தது, 15 கிலோ குறைந்த பிறகு 9. தொண்டை அடைக்கும் போக்கு குறைந்திருக்கிறது என்று இதற்குப் பொருள். அழுத்தம் ஒரே அளவில் நிற்கும் கருவியாக இருந்தால் இது தெரியாது. பழைய அழுத்தம் இப்போது அதிகமாகி, வயிற்றில் காற்று நிரம்பும், ஏப்பம் வரும், வாய் வழியாகக் காற்று கசியும். அப்போது அழுத்தத்தை மறுபடி நிர்ணயிக்கச் சொல்லுங்கள். முகம் மெலிவதால் முகமூடியும் தளரும். கசிவு எண் ஏறினால் பட்டையை மேலும் மேலும் இறுக்காதீர்கள், மூக்குத் தண்டில் புண்தான் வரும். ஒரு அளவு சிறிய முகமூடி கேளுங்கள்.

குறட்டையே நின்றுவிட்டது, 15 கிலோ குறைத்துவிட்டேன். மெஷினை நிறுத்திப் பார்க்கலாமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம். குறட்டை குறைந்தும் ஆப்னியா தொடர்வது சாதாரணம். சில நாள் நிறுத்திப் பார்த்து நன்றாக இருக்கிறேன் என்று உணர்வதும் நம்பத்தக்கதல்ல, பகல் தூக்கம் திரும்புவதற்குச் சில நாட்கள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம்.

எடை நிலையாக நின்று 2, 3 மாதம் ஆனதும் மறுசோதனை கேளுங்கள். குறைந்துகொண்டே இருக்கும்போது செய்தால் அடுத்த மாதமே எண் மாறிவிடும். சோதனை கருவி இல்லாமல் நடக்க வேண்டும். முந்தைய இரவு வரை கருவி போட்டிருந்தால் தொண்டை வீக்கம் குறைந்திருந்து முடிவு கொஞ்சம் நல்லதாகத் தோன்றலாம் என்பதால், சில நாட்கள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எத்தனை நாள் என்பதை உங்கள் மருத்துவர் சொல்லட்டும். நீண்ட தூரம் வண்டி ஓட்டும் வாரத்தில் இதை வைத்துக்கொள்ளாதீர்கள். ஏ.எச்.ஐ. 5-க்குக் கீழே வந்து, மல்லாந்து படுத்த நேரமும் அந்தப் பதிவில் போதிய அளவு இருந்தால் நிறுத்தலாம். கருவியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். எடை 4, 5 கிலோ திரும்பினாலோ, திணறல் சத்தம் மறுபடி கேட்டாலோ மீண்டும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

நிறையக் குறைத்தும் ஏ.எச்.ஐ. அப்படியே இருக்கிறதே?

தாடை அமைப்பு, டான்சில், மூக்கடைப்பு இவை எடையோடு போவதில்லை. அப்படிப்பட்டவர்களுக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவரின் பரிசோதனையோ, கீழ்த்தாடையை முன்னால் தள்ளிப் பிடிக்கும் பல் கருவியோ உதவலாம். வயது ஏறுவதும், பெண்களுக்கு மாதவிடாய் நிற்பதும் எதிர்ப்பக்கமாக இழுக்கும். எடை குறைத்தது வீண் இல்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, மூட்டு எல்லாவற்றுக்கும் அது தனியாகப் பலன் தந்திருக்கும், கருவிக்குத் தேவைப்படும் அழுத்தமும் குறைந்திருக்கக்கூடும்.

எப்போது காத்திருக்கவே கூடாது?

வண்டி ஓட்டும்போது ஒரு முறை கண் அசந்திருந்தால், சிகிச்சை தொடங்கித் தூக்கம் கட்டுக்குள் வரும்வரை ஓட்டாதீர்கள், சோதனைக்கு அவசரமாக நாள் கேளுங்கள். ஜன்னலைத் திறப்பதும் பாட்டு வைப்பதும் இந்தத் தூக்கத்தைத் தடுக்காது.

பி.எம்.ஐ. 30-க்கு மேல் இருந்து, பகலிலும் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது, காலையில் தலை கனத்து வலிக்கிறது, விழித்து உட்கார்ந்திருக்கும்போதே ஆக்சிஜன் குறைவாகக் காட்டுகிறது என்றால், ஆப்னியாவோடு வேறொன்றும் சேர்ந்திருக்கலாம்: உடல் பருமனால் மூச்சின் ஆழம் குறைந்து ரத்தத்தில் கரியமில வாயு தேங்குவது. ரத்தத்தில் பைகார்பனேட் அளவு 27-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ அந்தச் சந்தேகம் வலுக்கும். தமனி ரத்தப் பரிசோதனையில் கரியமில வாயு 45-க்கு மேல் இருந்து, வேறு காரணம் இல்லை என்றும் தெரிந்தால் உறுதியாகும். இவர்களுக்கு வீட்டுச் சோதனை போதாது. வீட்டிலேயே ஆக்சிஜன் சிலிண்டர் மட்டும் வைத்துக்கொள்வதும் கூடாது, கரியமில வாயு இன்னும் ஏறி மயக்கநிலைக்குக் கொண்டுபோகலாம். எழுப்பினாலும் தெளியாத தூக்கம், குழறும் பேச்சு வந்தால் அன்றே அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள்.